ஸ்டார்ம் கண்ட்ரோல் த்ரெஷோல்ட் எவ்வளவு வைக்கணும்? அடிக்கடி வர்ற கேள்விகள்

மேஜைக்கு கீழ கிடக்கற அஞ்சு போர்ட் சுவிட்ச்ல ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் யாரோ சொருகிட்டாங்க, அதுக்கு மொத்த பில்டிங்கும் ஏன் படுக்கணும்?

ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுசுன்னு ஒண்ணு கிடையாது, அதான் காரணம். ஐபி பேக்கெட்ல டிடிஎல் இருக்கு, ஒவ்வொரு ரவுட்டர் தாண்டும்போதும் ஒண்ணு குறையும், ஜீரோ ஆயிட்டா தூக்கிப் போட்டுருவாங்க. லேயர் டூல அப்படி எதுவுமே இல்ல. ஏதோ ஒரு பிசி கேட்வேயோட மேக் என்னன்னு ஒரே ஒரு ஆர்ப் கேள்வி கேக்குது, அந்தச் சின்ன சுவிட்ச் அதை வந்த போர்ட்டத் தவிர மத்த எல்லா போர்ட்லயும் வெளிய தள்ளுது, லூப் கேபிள்ல ஒரு பக்கமா வெளிய போனது இன்னொரு பக்கமா உள்ள வருது, சுவிட்சுக்கு அது புது பிராட்காஸ்ட் மாதிரிதான் தெரியும், மறுபடி எல்லாப் பக்கமும் தள்ளுது. யாராவது கேபிளைப் பிடுங்கற வரைக்கும் இது நிக்கவே நிக்காது, இதைத்தான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம், அதாவது புயல்னு சொல்றோம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 64 பைட் ஃப்ரேம் ஒண்ணு வயர்ல போகும்போது முன்னாடி இருக்கற ப்ரீஆம்பிள், பின்னாடி விடற இடைவெளி எல்லாம் சேர்த்து 84 பைட் இடம் எடுக்கும், அதாவது 672 பிட். ஒரு ஜிகாபிட் லிங்க்ல அதனால செகண்டுக்கு 14.88 லட்சம் ஃப்ரேம் போக முடியும். லூப்ல மாட்டின சின்ன சுவிட்ச் அவ்வளவையும் உங்க ஆக்சஸ் சுவிட்ச் மேல கொட்டும், அது மத்த 47 போர்ட்டுக்கும் அப்லிங்க்குக்கும் காப்பி போடும். அப்லிங்க் ஒரு ஜிகாபிட்னா அந்த நிமிஷமே நிரம்பிருச்சு.

எங்க அப்லிங்க் 10 ஜிதான்னு சிலர் நிம்மதியா இருப்பாங்க. ஏறும்போது பத்துல ஒரு பங்குதான் ஆகும், சரி. ஆனா டிஸ்ட்ரிபியூஷன் சுவிட்ச் அதை அந்த விலேன் போற மத்த மாடிங்களுக்கும் கீழ அனுப்புமே, அங்க எந்த மாடிக்காவது 1 ஜி லிங்க் இருந்தா அது நிரம்பும். லிங்க் நிரம்பாத மாடியில கூட ஒவ்வொரு பிசி, ப்ரிண்டர், ஐபி ஃபோனுக்கும் செகண்டுக்கு லட்சக்கணக்குல பிராட்காஸ்ட் போய் முட்டும்.

ஸ்டார்ம் கண்ட்ரோல் உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுது?

போர்ட்டுக்கு உள்ள வர்ற பிராட்காஸ்டை எண்ணுது, அவ்வளவுதான். சிஸ்கோ கேட்டலிஸ்ட் மாதிரி சுவிட்ச்ல ஒரு செகண்டுக்கு ஒரு தடவை எண்ணிக்கையைப் பாக்கும், மேல் வரம்பைத் தாண்டினா அந்த போர்ட்ல பிராட்காஸ்டை நிறுத்தும், கீழ் வரம்புக்கு கீழ இறங்கினதும் மறுபடி விடும். ரெண்டு வரம்பும் ஒண்ணாவே இருந்தா எல்லையில நின்னு திறக்கறதும் மூடறதுமா ஆடிட்டே இருக்கும், அதனால கீழ் வரம்பை பாதி அளவுக்கு வைக்கறது என் பழக்கம்.

இதுல மறக்கக்கூடாத விஷயம், இது உள்ள வர்ற பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். அப்லிங்க்கைக் காப்பாத்தணும்னா அப்லிங்க் போர்ட்ல கமாண்ட் போட்டா ஆகாது, புயல் எந்த போர்ட் வழியா உள்ள நுழையுதோ அங்கதான் போடணும்.

ஊரெல்லாம் 1 சதவீதம்னு போடறாங்களே, நானும் அதையே போட்டா போதாதா?

எனக்கு அந்த நம்பர் மேல நம்பிக்கையே இல்ல, ஏன்னு சொல்றேன். ஜிகாபிட் போர்ட்ல 1 சதவீதம்னா 10 எம்பிபிஎஸ். சின்னதா தெரியுது, ஆனா சின்ன ஃப்ரேம்ல அது செகண்டுக்கு 14,880 பிராட்காஸ்ட். ஒரு ஆபீஸ் பிசி சாதாரணமா செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு பிராட்காஸ்ட் அனுப்பினாலே பெருசு, அதுக்குப் போய் 14,880 வரைக்கும் கதவைத் திறந்து வெக்கறது என்ன நியாயம்? அதே கமாண்ட் இருக்கற போர்ட் ஏதோ பழைய கேபிளால 100 எம்பிபிஎஸ்ல செட் ஆயிட்டா வரம்பும் தானா 1,488க்கு இறங்கிரும். ஒரே கமாண்ட், ரெண்டு அர்த்தம்.

இன்னொண்ணு, யாரும் கூட்டிப் பாக்கறதே இல்ல. போர்ட்டுக்கு 10 எம்பிபிஎஸ், 48 போர்ட், மொத்தம் 480 எம்பிபிஎஸ். எல்லா போர்ட்டும் வரம்புக்கு ஒரு நூல் கீழ நின்னா கூட உங்க 1 ஜி அப்லிங்க்ல பாதி கிட்ட பிராட்காஸ்டே தின்னுரும், ஸ்டார்ம் கண்ட்ரோலும் ஒரு வார்த்தை லாக் எழுதாது, ஏன்னா அதோட கணக்குப்படி எல்லாம் ஒழுங்கா இருக்கு. 48 போர்ட்டும் ஒரே நேரத்துல பொங்கறது அபூர்வம்தான், ஆனா வரம்புன்னு ஒண்ணு வெச்சா மோசமான நாளுக்கு கணக்கு போட்டுத்தான் வைக்கணும்.

இன்னும் தாராளமும் உண்டு. ஜூனிப்பர் இஎக்ஸ் சுவிட்ச்ல ஃபேக்டரி செட்டிங் 80 சதவீதம். ஸ்டார்ம் கண்ட்ரோல் ஆன்ல இருக்குன்னு திரையில பாத்து திருப்திப்பட்டுட்டு அந்த நம்பரை மாத்தாம விட்டா அப்லிங்க்குக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது.

அப்ப சரியான நம்பரை எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதல்ல அளந்து பாருங்க. போர்ட் கவுண்டர்ல `InBcastPkts`னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குக் கீழ இருக்கற நம்பரை பத்து செகண்ட் விட்டு ரெண்டு தடவை எடுத்து கழிச்சு பத்தால வகுத்தா செகண்டுக்கு எத்தனைன்னு வந்துரும்.

```
show interfaces Gi1/0/17 counters
```

எஸ்என்எம்பி வெச்சு எடுக்கறவங்க `ifHCInBroadcastPkts` எடுக்கலாம், ஆனா அஞ்சு நிமிஷ சராசரியை நம்பிராதீங்க. ஒரு போர்ட்ல மூணு செகண்டுக்கு மட்டும் 600 வீதம் பொங்கி அடங்குச்சுன்னா, மொத்தம் 1,800, அதை 300 செகண்டால வகுத்தா கிராஃப்ல வெறும் 6னு காட்டும். அதைப் பாத்துட்டு 50னு வரம்பு வெச்சீங்கன்னா நல்ல போர்ட்டை நீங்களே அடிச்சு மூடுவீங்க. உச்சத்தைப் பிடிக்கணும்னா காலைல எல்லாரும் மெஷினைப் போடற நேரம், ராத்திரி ஸ்கேன் ஓடற நேரம் இப்படி ரெண்டு மூணு நாள் சின்ன இடைவெளியில எடுக்கணும்.

ஒரு மாடியை உதாரணமா எடுத்துக்குவோம். 48 போர்ட், 1 ஜி அப்லிங்க், போர்ட்டுக்கு சாதாரணமா 2, மெஷின் பூட் ஆகும்போது உச்சமா 30ன்னு வெச்சுக்குங்க. உச்சத்தோட பத்து மடங்கு, 300. இப்ப அப்லிங்க் பக்கமிருந்து சரி பாக்கணும், 48 தடவை 300னா 14,400 ஃப்ரேம், ஒவ்வொண்ணும் 672 பிட்னா 9.7 எம்பிபிஎஸ் கிட்ட வரும். அதாவது மாடி முழுக்க ஒரே நேரத்துல பொங்கினாலும் சின்ன ஃப்ரேம்ல அப்லிங்க்ல 1 சதவீதத்தைத் தாண்டாது. போன கேள்வியில ஒத்த போர்ட்டுக்கு விட்டதை விட இங்க மொத்த மாடிக்கும் விடறது கம்மி. அதுக்கும் மேல, பிசியோட சிபியுவுக்கு தொல்லை குடுக்கறது பிட் இல்ல, எண்ணிக்கைதான், அதனாலயும் நான் சதவீதத்தை விட்டுட்டு பேக்கெட் கணக்குக்கு மாறிட்டேன்.

```
interface range GigabitEthernet1/0/1-48
 storm-control broadcast level pps 300 150
 storm-control action shutdown
 storm-control action trap
```

பிராட்காஸ்டை மட்டும் தடுத்தா போதுமே, போர்ட்டையே ஏன் மூடணும்? யூசர் கத்துவாரே.

இதுதான் நான் எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டற விஷயம், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முன்ன வேலை பாத்த ஒரு இடத்துல 1 சதவீதம், தடுக்கறது மட்டும்னு போட்டிருந்தோம், அந்த சுவிட்ச் மாடல் வரம்புக்கு மேல இருக்கறதை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை விட்டுரும். ஒரு நாள் ஒரு மாடியிலிருந்து நெட் வருது போகுது வருது போகுதுன்னு புகார். அப்லிங்க் கிராஃப் பாத்தா காலியா இருக்கு, சிபியு சும்மா இருக்கு, கேட்வேக்கு பிங் போட்டா நாலுக்கு மூணு காணோம். நாங்க ரெண்டு மணி நேரம் ஃபயர்வாலைப் போட்டு நோண்டிட்டு இருந்தோம். கடைசில லாக்ல இந்த ரகத்துல வரிசையா கிடந்துச்சு:

```
%SW_MATM-4-MACFLAP_NOTIF: Host 001a.2b3c.4d5e in vlan 20
is flapping between port Gi1/0/49 and port Gi1/0/17
```

49 அப்லிங்க், 17 ஒரு சாதாரண மேஜை போர்ட், அந்த மேக் எங்க கேட்வேயோடது. நடந்தது இதுதான். கேட்வே அனுப்பின ஆர்ப் பிராட்காஸ்ட் 17 வழியா லூப் இருக்கற சின்ன சுவிட்சுக்குள்ள போய் திரும்பி வருது, வரும்போது அனுப்பினவர் மேக்ல கேட்வேயோட பேர்தான் இருக்கு, ஆக்சஸ் சுவிட்சும் ஓஹோ கேட்வே இப்ப 17க்கு குடி மாறிருச்சு போலன்னு மேக் டேபிள்ல எழுதிக்குது. அடுத்த செகண்ட் நிஜ கேட்வேகிட்ட இருந்து ஏதாவது வந்தா 49க்கு மாத்தும், உடனே 17லிருந்து வரம்புக்குள்ள நுழைஞ்ச ஃப்ரேம் ஒண்ணு மறுபடி இழுத்துக்கும். மாடியில இருக்கறவங்க அனுப்பற டிராஃபிக் பாதி நேரம் அந்த மேஜைக்கு அடியில போய் செத்துட்டு இருந்துச்சு.

அப்லிங்க்கைக் காப்பாத்தியாச்சு, ஆனா மாடி செத்துருச்சு. மேக் டேபிளைக் கெடுக்கறதுக்கு செகண்டுக்கு 14,000 எல்லாம் தேவையில்ல, பத்து போதும். வரம்பை எவ்வளவு சின்னதாக்கினாலும் வரம்புக்குக் கீழ நுழையற கொஞ்சமே அந்த வேலையைச் செஞ்சுரும். வரம்பைத் தாண்டினதும் பிராட்காஸ்டை முழுசா நிறுத்தற மாடல்லயும் தப்பிக்க முடியாது, ஏன்னா லூப்ல மல்டிகாஸ்டும் சேர்ந்துதான் சுத்துது, பிராட்காஸ்ட் கவுண்டர் அதை எண்ணவே எண்ணாது. யூசர் கத்துவார்ங்கறது நிஜம், ஆனா அவரோட சின்ன சுவிட்ச் லூப்ல நிரம்பிக் கிடக்கும்போது அவருக்கும் எப்படியும் வேலை நடக்காது. மூடறதால அவருக்குப் புதுசா நஷ்டம் ஒண்ணும் இல்ல, மத்த 47 பேர் பிழைச்சுக்குவாங்க.

மூடின போர்ட் தானா திறக்கணும்னா?

```
errdisable recovery cause storm-control
errdisable recovery interval 1800
```

சும்மா விட்டா இடைவெளி 300 செகண்ட். எனக்கு அது ரொம்ப கம்மி, ஏன்னா லூப் இன்னும் அங்கேயே இருந்தா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒரு செகண்ட் வரைக்கும் புயல் வெளிய கசியும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்த மாடிக்கும் ஒரு விக்கல். அரை மணி நேரம் வெச்சா யாராவது போய்ப் பாக்க நேரம் இருக்கும். ஆள் ராத்திரியும் இருக்கற இடம்னா தானா திறக்கறதே வேண்டாம், கையால திறக்கட்டும்.

பிபிடியு கார்ட் போட்டிருக்கேன், இது வேற எதுக்கு?

ஸ்பானிங் ட்ரீக்காக சுவிட்சுங்க அனுப்பற பிபிடியு ஒரு போர்ட்ல உள்ள வந்தா அந்த போர்ட்டை மூடற காவல்தான் பிபிடியு கார்ட், ரொம்ப நல்லது, கண்டிப்பா வைங்க, லூப்ல முக்காவாசியை அதுவே முதல்ல பிடிச்சுரும், ஏன்னா உங்க சுவிட்ச் அனுப்பின பிபிடியு லூப்ல சுத்தி உங்ககிட்டயே திரும்பி வரும். ஆனா விலை கம்மியான சில சின்ன சுவிட்சுங்க பிபிடியுவை மட்டும் முழுங்கிட்டு பிராட்காஸ்டை தாராளமா சுத்த விடும். அங்க கார்டுக்கு கண்ணே தெரியாது, எண்ணிப் பாக்கற ஸ்டார்ம் கண்ட்ரோல்தான் கை குடுக்கும். லூப்பே இல்லாம ஒரு நெட்வொர்க் கார்ட் பைத்தியம் பிடிச்சு பிராட்காஸ்டா கொட்டற கேசும் அப்படித்தான்.

அப்லிங்க் போர்ட்லயும் ஷட்டவுன் போட்டு வெச்சா டபுள் பாதுகாப்பு தானே?

தயவு செஞ்சு வேண்டாம். ஆக்சஸ் சுவிட்சோட அப்லிங்க்ல போட்டா, வேற மாடியில நடந்த புயல் மேல இருந்து இறங்கி வரும்போது உங்க நல்ல மாடி தன்னைத்தானே துண்டிச்சுக்கும்.

ரெண்டாவது வேலி வேணும்னா டிஸ்ட்ரிபியூஷன் சுவிட்ச்ல, ஒவ்வொரு மாடியும் வந்து சேர்ற போர்ட்ல போடுங்க, மூடாம தடுக்கறதும் ட்ராப் அனுப்பறதும் மட்டும். கரண்ட் போய் வந்தா ஒரு மாடியே சேர்ந்து பூட் ஆகும், நம்ம உதாரணத்துல 48 தடவை 30, 1,440 வரைக்கும் நியாயமாவே வரலாம், அதனால அங்க 5,000 மாதிரி வைக்கலாம். அது தடுக்க ஆரம்பிச்சா அந்த மாடியோட ஆர்ப், டிஹெச்சிபி எல்லாம் அடிபடும், ஆனா மத்த மாடிங்க பிழைக்கும். கீழ யாரோ கமாண்ட் போடாம மாட்டின புது சுவிட்சுக்கு எதிரா இது ஒண்ணுதான் நிக்கும்.

வைஃபை ஏபி, விஎம் சர்வர் போர்ட்டுக்கும் 300தானா?

இல்ல. ஒரு ஏபிக்குப் பின்னாடி அம்பது பேர் இருக்கலாம், ஒரு சர்வருக்குப் பின்னாடி நூறு விஎம் இருக்கலாம், இதையெல்லாம் மூடினா ஒருத்தருக்கில்ல, ஊருக்கே அடி. தனியா அளந்து, பெரிய நம்பரா, தடுக்கறது மட்டும் வைங்க. மானிட்டரிங் சர்வரும் இந்தக் கூட்டத்துலதான் சேரும், ஒரு ஸ்லாஷ் 22 நெட்வொர்க்கை ஆர்ப் வெச்சு தேடினா 1,022 முகவரியையும் சில செகண்ட்ல கேட்டுத் தள்ளிரும், 300ல அது முதல் நாளே மாட்டும்.

மல்டிகாஸ்டுக்கும் வைக்கலாமா?

பிசி போர்ட்ல தாராளமான நம்பரோட வைக்கலாம், ஐபிவி6 பக்கத்து மெஷினைத் தேடறதே மல்டிகாஸ்ட்லதான்ங்கறதை மனசுல வெச்சுக்கங்க. ரவுட்டர் பாக்கற போர்ட்ல வேண்டவே வேண்டாம். கேட்டலிஸ்ட்ல மல்டிகாஸ்ட் வரம்பு தாண்டினா பிபிடியு, சிடிபி தப்பிச்சுக்கும், ஆனா ஓஎஸ்பிஎஃப் ஹலோவுக்கும் வீடியோவுக்கும் அது வித்தியாசம் பாக்காது, ரெண்டையும் வெட்டும், அப்புறம் நெய்பர் விழுந்து ரவுட்டிங்கே ஆடும். யூனிகாஸ்ட் வரம்பு இன்னும் ஜாக்கிரதை, சில மாடல்ல அது முகவரி தெரியாத ஃப்ரேமை மட்டும் எண்ணாம எல்லா யூனிகாஸ்டையும் எண்ணும், யாராவது பெரிய ஃபைல் காப்பி பண்ணினா போர்ட் மூடும்.

போட்டது நிஜமா வேலை செய்யுதான்னு எப்படி சோதிக்கறது?

லூப் போட்டுப் பாக்காதீங்க. தனி விலேன்ல, அப்லிங்க்ல அந்த விலேன் போகாதபடி வெச்சு, ஒரு லினக்ஸ் மெஷின்ல செகண்டுக்கு 500 பிராட்காஸ்ட் கிட்ட அனுப்புங்க:

```
sudo ping -b -i 0.002 192.168.50.255
```

வரம்பு 300ன்னா ஒண்ணு ரெண்டு செகண்ட்ல `%STORM_CONTROL-3-SHUTDOWN` லாக் வரணும், `show interfaces status err-disabled`ல போர்ட் தெரியணும். அப்புறம் மூடின போர்ட்டை கையால திறந்துட்டு, 0.01னு மாத்தி 100 அனுப்புங்க, அப்ப மூடக்கூடாது. `show storm-control` போட்டா மேல் வரம்பு, கீழ் வரம்பு, இப்ப ஓடற அளவு மூணும் தெரியும். ரெண்டு பக்கமும் பாக்காம விட்டா பாதி சோதனைதான்.

எல்லாம் சரியா போட்டும் படுத்துருச்சு, எங்க தப்பு?

லூப் மேஜைக்கு அடியில இல்லாம சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல இருந்திருக்கும். ஸ்பானிங் ட்ரீ குழம்பிப் போய் அடைக்க வேண்டிய லிங்க் திறந்துருச்சுன்னா புயல் சுத்தறது அப்லிங்க்குகள்லயேதான், ஆக்சஸ் போர்ட் வரம்பு ஒண்ணையும் அது தொடாது. 2002 நவம்பர்ல பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி நெட்வொர்க் நாலு நாள் கிட்ட தள்ளாடினது இந்த ரகம், சுவிட்சுங்க வரிசையா நீண்டு ஸ்பானிங் ட்ரீக்கு சொல்லப்பட்ட 7 ஹாப் அளவைத் தாண்டிப் போயிருந்துச்சு, டாக்டருங்க திரும்ப பேப்பருக்குப் போனாங்க.

அடையாளம் அதே மேக் ஃப்ளாப் லாக்லயே இருக்கு. ஒரு பக்கம் அப்லிங்க், இன்னொரு பக்கம் மேஜை போர்ட்னா மாடிக்குப் போய் கேபிளைத் தேடுங்க. ரெண்டு பக்கமுமே அப்லிங்க்னா மேஜைப் பக்கம் போகாதீங்க, டிஸ்ட்ரிபியூஷன்ல கன்சோல் கேபிள் சொருகி ரெண்டுல ஒரு அப்லிங்க்கை கையால `shutdown` பண்ணிட்டு, மூச்சு விட்டதும் `show spanning-tree root` போட்டு ரூட் நீங்க நினைச்ச சுவிட்ச்தானான்னு பாருங்க.